வேலை முடிந்த பிறகு டிராயிங் யாரிடம் இருக்கிறது?

ஒரு கூட்டு வேலை தொடங்கும்போது காகிதங்கள் ஒழுங்காக இருக்கும். முத்திரைத்தாள் வாங்கி, இரண்டு தரப்பும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். யார் எதைத் தருவது, யார் எதைச் செய்வது என்று பேசி முடிப்பார்கள். முடியும்போது அப்படி நடப்பதில்லை. ஆர்டர் வரவில்லை, விலை ஒத்துவரவில்லை, பொறுப்பில் இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று ஏதாவது ஒரு காரணத்தால் வேலை மெல்லத் தேய்ந்து நின்றுவிடும். அதற்குள் அனுப்பிய டிராயிங்குகளும் சோதனை அறிக்கைகளும் விலைக் கணக்குகளும் அடுத்தவர் கணினியிலேயே தங்கிவிடுகின்றன.

அவற்றை முறையாகத் திருப்பிக் கேட்பது எப்படி? பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. கோவையின் பம்ப் தொழிலை வைத்து ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இதில் வருபவர்கள் கற்பனை மனிதர்கள்.

கணபதியில் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனம். மோனோபிளாக் பம்புக்கு ஒரு புதிய வார்ப்பிரும்பு இம்பெல்லரை வரைந்திருக்கிறது. அதே மோட்டாரில் கூடுதலாகத் தண்ணீர் தள்ளும் என்பது அதன் சிறப்பு. அதை வார்த்துப் பார்க்க ஒரு ஃபவுண்டரியோடு சேர்கிறது. வடிவமைப்பாளர் முப்பரிமாண மாதிரி ஃபைல்களையும் டிராயிங் பிடிஎஃப்களையும் சோதனை மேடையில் எடுத்த வரைபடங்களையும் கொடுக்கிறார். ஃபவுண்டரி அலுமினியத்தில் பேட்டர்னும் கோர் பாக்ஸும் செய்து சில டஜன் இம்பெல்லர்களை வார்த்துக் கொடுக்கிறது. ஓராண்டுக்குப் பிறகு, ஒரு துண்டுக்கு ஆகும் செலவு யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. சண்டை எதுவும் இல்லை, கை குலுக்கிப் பிரிகிறார்கள்.

இப்போது வடிவமைப்பாளர் வேறொரு வார்ப்பாலையைத் தேட வேண்டும். அதற்கு முன் பழையவரிடமிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும். போன் போட்டுக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவருக்கே தெரியும்: “அதெல்லாம் எப்பவோ டெலீட் பண்ணியாச்சுங்க. நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?”

அந்த ஒரு வாக்கியத்தோடு பெரும்பாலான கோரிக்கைகள் அடங்கிவிடுகின்றன. கேட்டவருக்குக் கூச்சம், பதில் சொன்னவருக்கு உண்மையிலேயே எதுவும் நினைவில் இல்லை. இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட பேச்சாக மாறாமல் இருக்க வேண்டுமானால், கோரிக்கை ஒரு கணக்கு முடிப்பாக இருக்க வேண்டும். முதலில் எடுக்க வேண்டியது பழைய ஒப்பந்தத்தை.

அதில் “திருப்பித் தருதல் அல்லது அழித்தல்” என்ற ஒரு பிரிவு இருக்கும். அது எப்போது செயல்படத் தொடங்கும் என்பதைப் பாருங்கள். வேலை முடிந்ததும் தானாகவே திருப்பித் தர வேண்டும் என்று சில ஒப்பந்தங்கள் சொல்லும். பல ஒப்பந்தங்களில், தகவலைக் கொடுத்தவர் எழுத்து மூலம் கேட்ட பிறகு இத்தனை நாட்களுக்குள் என்றுதான் இருக்கும். இரண்டாவது வகையாக இருந்தால், நீங்கள் எழுதிக் கேட்காத வரை அவர் ஃபைலை வைத்திருப்பது அந்தப் பிரிவின்படி தவறே இல்லை. ரகசியம் காக்க வேண்டிய கடமை தொடரும். திருப்பித் தர வேண்டிய கடமை மட்டும் இன்னும் பிறக்கவே இல்லை. போனில் கேட்டது எழுத்து மூலக் கோரிக்கை ஆகாது. அறிவிப்புகளை எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் வேறோர் இடத்தில் எழுதியிருக்கும். தபால் என்று இருந்தால் மின்னஞ்சலோடு தபாலும் போக வேண்டும்.

அடுத்தது பட்டியல். கோரிக்கையின் உயிர் இதில்தான் இருக்கிறது. “எங்கள் ரகசிய ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தரவும்” என்று எழுதினால், “எங்களிடம் எதுவும் இல்லை” என்று ஒரு வரியில் பதில் வரும். இந்த எண்ணுள்ள டிராயிங், இந்தத் திருத்தம், இந்தத் தேதியில் இன்னாருக்கு இந்த மின்னஞ்சலில் போனது என்று வரிசையாக எழுதினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு உங்கள் அனுப்பிய அஞ்சல் பெட்டியைத் தோண்ட வேண்டும். பகிர்ந்த கூகுள் டிரைவ் ஃபோல்டரில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பட்டியலைப் படம் பிடித்து வைக்க வேண்டும். அனுமதியை நீக்குவது உங்கள் கையிலேயே இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பதிவு செய்யும் முன் அவசரப்பட்டு நீக்கிவிட்டால், யாரிடம் போனது என்று காட்டும் அனுமதிப் பட்டியலும் சேர்ந்து போய்விடும். நீக்கினாலும், அவர்கள் ஏற்கெனவே தரவிறக்கிய நகல் அவர்களிடமேதான் இருக்கும்.

வாட்ஸப்பை மறக்கக்கூடாது. ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசர் ஓர் அளவைக் கேட்க, டிராயிங்கைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டிருப்பார்கள். அனைவருக்கும் நீக்கும் வசதி இரண்டு நாள் சொச்சத்துக்குத்தான் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு போனிலும், போனின் கேலரியிலும் அந்தப் படம் தனித்தனியாக வாழும். வேலையை விட்டுப் போன சூப்பர்வைசரின் போனிலும் கூட.

பட்டியலில் காகிதமும் ஃபைலும் மட்டும் இருந்தால் போதாது. நமது உதாரணத்தில் உண்மையான ரகசியம் எங்கே இருக்கிறது? மூடிய இம்பெல்லரின் உள்ளே தண்ணீர் ஓடும் பாதை, அதாவது இறக்கைகளின் வளைவு. வார்ப்பில் அந்தப் பாதையை உருவாக்குவது மணலால் செய்த கோர். அந்தக் கோருக்கு வடிவம் தருவது கோர் பாக்ஸ். எல்லா டிராயிங்குகளையும் ஃபவுண்டரி நேர்மையாக அழித்துவிட்டு, கோர் பாக்ஸை மட்டும் மூலையில் வைத்திருந்தாலும், நாளைக்கே அதே இம்பெல்லரை வார்த்துவிட முடியும். சோதனைக்கு வார்த்த துண்டுகளும் அப்படித்தான். ஒரு துண்டைக் குறுக்கே அறுத்தால் வளைவு கண்ணுக்குத் தெரியும், ஸ்கேன் செய்தால் ஃபைலாகவே கிடைக்கும். ஆகவே, நிராகரித்த வார்ப்புகள் உலையில் மீண்டும் உருக்கப்பட்டனவா, எத்தனை துண்டுகள் மிச்சம் இருக்கின்றன என்று கேட்பது டிராயிங்கைக் கேட்பதைவிட முக்கியம். கோர் பாக்ஸை வெளியே ஒரு பேட்டர்ன் கடையில் செய்திருந்தால், அந்தக் கடைக்கும் ஃபைல் போயிருக்கும். அந்தப் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும்.

பொருளுக்கும் ஃபைலுக்கும் சட்டத்திலும் வேறுபாடு உண்டு. கோர் பாக்ஸுக்குக் காசு கொடுத்தது வடிவமைப்பாளர் என்றால், அது அவருடைய பொருள். ஃபவுண்டரி அதை வைத்திருந்தது அவருக்காகத்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 160ஆம் பிரிவின்படி, அப்படி ஒப்படைக்கப்பட்ட பொருளை, அதன் நோக்கம் முடிந்ததும் கேட்காமலேயே திருப்பித் தர வேண்டும். அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு மறுபக்கத்தையும் பார்க்கிறது. அந்தப் பொருளின் மீது தன் உழைப்பையோ திறமையையோ செலவிட்டவர், அதற்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்திருக்கலாம். எனவே பாக்கித் தொகை இருந்தால், திருப்பிக் கேட்கும் கடிதத்துக்கு முன்பு கணக்கைத் தீர்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பேச்சு முழுவதும் பாக்கியைப் பற்றியே போய்விடும். ஆனால் பாக்கி இருக்கிறது என்பதற்காக, ஃபைலின் நகலைப் பயன்படுத்தும் உரிமை ஃபவுண்டரிக்கு வந்துவிடாது. கோர் பாக்ஸுக்கு ஃபவுண்டரியே செலவழித்திருந்தால் நிலைமை மாறுகிறது. பொருள் அவர்களுடையது, அதில் பதிந்திருக்கும் வடிவம் உங்களுடையது. செலவைக் கொடுத்து வாங்கிக்கொள்வது, அல்லது இரு தரப்பும் பார்க்க அதை வெட்டி உருக்குவது என்று பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

எதையெல்லாம் கேட்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்வாய்ஸ்களையும் கணக்குப் புத்தகங்களையும் அழிக்கச் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி அவற்றை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாக இருந்தால் கம்பெனிகள் சட்டம் எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. இரும்பு எந்தப் பக்கமிருந்து அச்சுக்குள் பாய வேண்டும், எந்த இடத்தில் ரைசர் வைத்தால் குழி விழாது என்று ஃபவுண்டரி தானே கண்டுபிடித்தது அவர்களுடைய அறிவு. அதை உங்கள் ரகசியம் என்று உரிமை கொண்டாடினால், நியாயமான மற்ற கோரிக்கைகளும் வலுவிழக்கும். இனி இம்பெல்லரே வார்க்கக்கூடாது என்று எழுதுவதும் வீண். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. என் தகவலை வைத்துச் செய்யாதே என்று கேட்கலாம், உன் தொழிலையே செய்யாதே என்று கேட்க முடியாது.

பேக்கப் நகல்களும் இப்படிப்பட்ட ஓர் எல்லைதான். இரவு தோறும் மொத்தக் கணினியையும் நகலெடுத்து வைக்கும் நிறுவனத்தில், அந்த நகலுக்குள் புகுந்து நான்கு ஃபைல்களை மட்டும் பிடுங்கி எடுப்பது பெரும்பாலும் நடைமுறையில் இயலாது. அதை வற்புறுத்தினால் பொய்யான உறுதிமொழிதான் கிடைக்கும். பழைய பேக்கப் எத்தனை நாளில் புதியதால் அழியும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை அதிலிருந்து அந்த ஃபைல்களை மீட்டெடுக்க மாட்டோம் என்றும் எழுதி வாங்குங்கள். இது காப்பாற்றக்கூடிய வாக்கு.

இவ்வளவும் கையில் இருந்தால் கடிதம் எளிது. அது இப்படி இருக்கலாம்:

“நாம் இணைந்து செய்த இம்பெல்லர் உருவாக்கப் பணி நிறைவடைந்ததை ஒட்டி, நமது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் திருப்பித் தருதல் பிரிவின்படி இக்கடிதத்தை எழுதுகிறோம். எங்களிடமிருந்து உங்களுக்கு வந்த ஆவணங்களும் பொருள்களும் இணைப்பு ஒன்றில் உள்ளன. பேட்டர்ன், கோர் பாக்ஸ், மீதமுள்ள மாதிரி வார்ப்புகள், அச்சிட்ட டிராயிங்குகள் ஆகியவற்றைத் திருப்பித் தரவும். மின்னணு நகல்களையும், அவற்றிலிருந்து நீங்கள் உருவாக்கிய ஃபைல்களையும், உங்கள் ஊழியர்களிடமும் நீங்கள் வேலை கொடுத்த பேட்டர்ன் கடையிடமும் உள்ள நகல்களையும் அழிக்கவும். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை இருந்தால் எவை என்று குறிப்பிடவும். ஒப்பந்தத்தில் கண்ட நாட்களுக்குள், பொறுப்பான இயக்குநர் அல்லது பங்குதாரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதத்தை அனுப்பவும். உங்களிடமிருந்து எங்களுக்கு வந்தவை இணைப்பு இரண்டில் உள்ளன. அவற்றை இத்துடன் திருப்பித் தருகிறோம். எங்கள் நகல்களை அழித்துவிட்டோம்.”

கடைசி மூன்று வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். ஃபவுண்டரியின் விலைக் கணக்கும் உலோகக் கலவைக் குறிப்பும் உங்களிடம் இருக்கும். அதை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்பவரிடம், நம்பிக்கை இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் பக்கம் அழித்துவிட்டோம் என்று எழுதும் முன் உண்மையிலேயே அழித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எதை அனுப்பினீர்கள் என்று காட்டும் உங்கள் சொந்த மின்னஞ்சல்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்ததும் அதை எப்படி எடைபோடுவது? அழித்ததை யாராலும் நேரில் பார்க்க முடியாது. பார்க்க முடிவது பதிலின் தன்மையைத்தான். உண்மையாகத் தேடியவரின் பதிலில் ஓட்டை உடைசல்கள் இருக்கும். இரண்டு மாதிரி வார்ப்புகளைக் காணவில்லை, பேட்டர்ன் கடைக்காரர் அடுத்த வாரம் பதில் சொல்வார், ஒரு லேப்டாப் ரிப்பேரில் இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருப்பார். மறுநாள் காலையிலேயே ‘எல்லாம் அழிக்கப்பட்டது’ என்று, இணைப்பைத் தொடாமல், கீழ்நிலை ஊழியர் பெயரில் ஒரு வரி வந்தால், யாரும் எதையும் தேடவில்லை என்று அர்த்தம். கோபப்படாமல், இணைப்பு ஒன்றின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிலையைக் குறித்து அனுப்புமாறு இன்னொரு முறை எழுதுங்கள். கையெழுத்துப் போடுபவர் பொறுப்பான மனிதராக இருப்பதும் இதற்காகத்தான். தன் பெயரில் பொய் உறுதி தர வேண்டிவரும்போது, இயக்குநர் தன் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

இதுவரை சொன்னது நல்லபடியாகப் பிரிந்தவர்களுக்கு. சந்தையில் உங்கள் இம்பெல்லரைப் போலவே ஒன்று வந்திருக்கிறது, அதே ஃபவுண்டரியில் வார்த்தது என்று காதில் விழுந்தால் கதையே வேறு. அப்போது ‘எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்’ என்று எழுதுவது மிகப்பெரிய பிழை. உங்கள் ஃபைலை அவர்கள் எந்தத் தேதியில் திறந்தார்கள், யாருக்கு அனுப்பினார்கள், எந்த டிராயிங்காக மாற்றினார்கள் என்பதெல்லாம் அந்த நகல்களில்தான் இருக்கும். உங்கள் கடிதமே அந்தச் சாட்சியத்தை அழிக்க உத்தரவாகிவிடும். பின்னாளில் நீதிமன்றத்தில், நீங்கள் கேட்டபடிதானே அழித்தோம் என்பார்கள். சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியது நேர்மாறானது: பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள், யாருக்கும் தராதீர்கள், இருப்பதை இருந்தபடியே பாதுகாத்து வையுங்கள். கடிதம் அனுப்பும் முன்னரே வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். சந்தையில் வாங்கிய அந்த இம்பெல்லரை ரசீதோடு எடுத்து வைக்க வேண்டும்.

தாமதமும் இங்கே கேடுதான். இடைக்காலத் தடை கேட்டுப் போகும்போது, தெரிந்த பிறகும் ஏன் இத்தனை மாதம் சும்மா இருந்தீர்கள் என்ற கேள்வி வரும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால், நடுவர் அமையும் முன்னரே நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு கேட்க 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வழி தருகிறது.

ஒப்பந்தமே இல்லாமல், வாய்ப்பேச்சில் டிராயிங் கொடுத்தவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. 1948இல் இங்கிலாந்தில் சால்ட்மன் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கு இதே போன்றதுதான். தோல் துளையிடும் கருவிகளுக்கான டிராயிங்குகள், அவற்றைச் செய்து தருவதற்காக வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயின. அந்த நிறுவனம் அவற்றை வைத்துத் தனக்கே கருவிகள் செய்துகொண்டது. நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ரகசியமாகத் தரப்பட்டது என்று தெரிந்தே பெற்றவர் அதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்த முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

டெல்லி உயர் நீதிமன்றம் 1987இல் அதே வழியில் போனது. ஜான் ரிச்சர்ட் பிராடி என்பவர், எந்தப் பருவத்திலும் பசுந்தீவனம் வளர்க்கும் ஓர் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். அதற்கான வெப்பக்காப்புப் பலகைகளை வாங்குவதற்காக ஓர் இந்திய நிறுவனத்திடம் டிராயிங்குகளையும் தொழில்நுட்ப விவரங்களையும் கொடுத்தார்கள். அவர்களால் தேவையான பலகைகளைத் தர இயலாது என்று தெரிந்ததும் ஆர்டர் போகவில்லை. பிறகு அந்த நிறுவனமே அதுபோன்ற தீவன இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வேலை கைகூடாமல் போன நாளுக்கும் அந்த இயந்திரம் வெளிவந்த நாளுக்கும் இடையில் டிராயிங்குகள் யாரிடம் இருந்தன என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இத்தகைய வழக்குகளில் முதலில் நிரூபிக்க வேண்டியது, கொடுத்த தகவல் ரகசியமானதுதான், ரகசியம் என்று சொல்லித்தான் கொடுத்தோம் என்பதை. டிராயிங்கின் மூலையில் ரகசியம் என்ற குறிப்பு, ஒவ்வொருவருக்கும் அனுப்பும் பிடிஎஃப்பில் அவரவர் பெயரைத் தாங்கிய வாட்டர்மார்க், எது யாருக்கு எப்போது போனது என்ற ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் வேலை தொடங்கும் நாளிலேயே இருந்தால், முடியும் நாளில் பட்டியல் எழுத அரை மணி நேரம் போதும். செயல்பாட்டைப் பாதிக்காத ஏதோ ஓர் இடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு வளைவு ஆரத்தை வேண்டுமென்றே வைக்கும் வடிவமைப்பாளர்களும் உண்டு. தானாக வரைந்தவருக்கு அந்த எண் அமைய வாய்ப்பில்லை, நகலெடுத்தவரிடம் அது அப்படியே இருக்கும்.

தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தனது 289ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மசோதா ஒன்றையும் வரைந்து கொடுத்தது. அது சட்டமாகும் வரை, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், நீங்கள் அனுப்பிய பட்டியலும், அதற்கு வந்த பதிலும்தான் நீதிபதியின் முன் இருக்கும். முடிந்துபோன ஏதாவது ஒரு கூட்டு வேலையின் கோப்பு உங்கள் அலமாரியில் இருந்தால், இந்த வாரமே எடுத்துத் திருப்பித் தருதல் பிரிவைப் படித்துப் பாருங்கள்.